ஒரே மூதாட்டி, இரண்டு வாக்குமூலங்கள்: சாதாரண மக்கள் சொன்ன வரலாற்றை எப்படி வாசிப்பது?

போர், பஞ்சம், அடிமைமுறை, நாடு பிரிவது மாதிரியான பெரும் கொந்தளிப்புகளைக் கடந்து வந்த சாதாரண மக்களின் வாயிலிருந்தே அந்தக் கதையைக் கேட்டுத் தொகுத்த புத்தகங்கள் இப்போது நிறைய வாசிக்கப்படுகின்றன. வாசித்து முடித்ததும் பலருக்கு ஒரு சந்தேகம் வருகிறது. ஐம்பது அறுபது வருடம் கழித்து ஒருவர் நினைவிலிருந்து சொல்வதை எந்த அளவுக்கு நம்புவது? தேதி தவறியிருந்தால்? ஒருவரிடம் ஒன்று, இன்னொருவரிடம் வேறொன்று என்று சொல்லியிருந்தால்?

இந்தச் சந்தேகத்தை நேருக்கு நேர் பார்க்க உதவும் உதாரணம் ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது. 1937-இல் தெற்குக் கரோலைனா மாநிலத்தின் சார்ல்ஸ்டன் நகரில், நூறு வயதைத் தாண்டிய முன்னாள் அடிமைப் பெண் ஒருவரை இரண்டு பேர் தனித்தனியாகப் பேட்டி எடுத்தார்கள். அரசுக் கோப்பில் இரண்டு பேட்டிகளுமே இருக்கின்றன. இரண்டிலும் வருவது வெவ்வேறு உலகங்கள்.

## முதலில் அடிப்படை: எது எது?

வாய்மொழி வரலாறு என்பது ஒரு நிகழ்வை நேரில் அனுபவித்தவரிடம் கேள்வி கேட்டு, அவர் சொன்னதை அவர் சொற்களிலேயே பதிவு செய்து, யார் கேட்டார், எப்போது, எங்கே என்ற குறிப்புகளோடு பாதுகாத்து வைப்பது. பிற்காலத்தில் வேறு யாரும் அதை எடுத்துச் சரிபார்க்க முடியும்.

கதை போல எழுதப்படும் அபுனைவு வேறு. அதன் மூலப்பொருளும் பெரும்பாலும் பேட்டிதான். ஆனால் எழுத்தாளர் அதை வெட்டுகிறார், வரிசை மாற்றுகிறார், எங்கே தொடங்கி எங்கே முடிக்க வேண்டும் என்று தீர்மானிக்கிறார். கையில் கிடைப்பது ஒரு நூல். மூலப் பேட்டி வெளியே தெரிவதில்லை.

இரண்டையும் 'வாய்மொழிக் கதைகள்' என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். குழப்பத்தில் பாதி அங்கேதான் தொடங்குகிறது.

## அந்தக் கோப்பு எப்படி உருவானது?

1930-களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலையிழந்த எழுத்தாளர்களுக்கும் படித்தவர்களுக்கும் அமெரிக்க அரசு ஒரு திட்டத்தின் மூலம் வேலை கொடுத்தது. ஃபெடரல் ரைட்டர்ஸ் ப்ராஜெக்ட் என்று அதற்குப் பெயர். 1936 முதல் 1938 வரை அதன் ஆட்கள் 17 மாநிலங்களில் சுற்றி, உயிரோடு இருந்த முன்னாள் அடிமைகளைத் தேடிப் பேசினார்கள். 2,300-க்கும் மேற்பட்ட வாக்குமூலங்கள் சேர்ந்தன. அடிமைமுறை சட்டப்படி முடிந்தது 1865-இல். அதாவது பேட்டி கொடுத்தவர்கள் எழுபது வருடத்துக்கு முந்தைய கதையைச் சொன்னார்கள். அவர்களில் பெரும்பாலோர் அடிமைமுறை முடிந்தபோது சிறுவர், சிறுமியர்.

இந்தத் திட்டம் நடந்த விதத்தில் மூன்று விஷயங்களை மனதில் வைத்துக்கொண்டால்தான் மேற்கொண்டு போக முடியும்.

1. பேட்டிகளில் மிகச் சிலவே ஒலிப்பதிவாக இருக்கின்றன. மற்றதெல்லாம் காகிதத்தில் குறிப்பு எடுத்து, பிறகு உட்கார்ந்து தட்டச்சு செய்தவை. நாம் வாசிப்பது பேட்டி எடுத்தவரின் காதும் கையும் கடந்து வந்த பேச்சு. கறுப்பின மக்களின் பேச்சை எப்படி எழுத்தில் கொண்டுவருவது என்பதே பெரிய சிக்கலாக இருந்தது. திட்டத்தில் இருந்த கறுப்பினக் கவிஞர் ஸ்டெர்லிங் பிரவுன், உச்சரிப்பைக் கொச்சையாக எழுதிக் குவிக்க வேண்டாம், பேச்சின் நடையைப் பிடித்தால் போதும் என்று தனியாகவே ஒரு குறிப்பு அனுப்ப வேண்டியிருந்தது. அதைப் பலர் பின்பற்றவும் இல்லை.

2. பேட்டி எடுத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தென் மாநிலங்களைச் சேர்ந்த வெள்ளையர்கள். கறுப்பினத்தவர் கொஞ்சம் பேர், அதுவும் சில மாநிலங்களில்தான். இனப் பாகுபாடு சட்டமாகவே இருந்த காலம் அது. வெள்ளையரை எதிர்த்துப் பேசினால் அடி, உதை, சில இடங்களில் உயிரே போகும். முன்பு அடிமைகளை வைத்திருந்த குடும்பங்கள் அதே ஊரில் செல்வாக்கோடு இருந்தன.

3. பேட்டி கொடுத்தவர்கள் வறுமையில் இருந்த கிழவர்கள். 1935-இல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்து, முதியோர் உதவித்தொகை என்ற பேச்சு எங்கும் இருந்தது. அரசுத் திட்டம் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வீட்டு வாசலில் வந்து நின்றால், 'இவரால் நமக்கு ஏதாவது கிடைக்குமா' என்று ஒரு வயோதிகர் நினைப்பது இயல்பு.

## சார்ல்ஸ்டன், ஹென்ரியெட்டா தெரு, 17-ஆம் எண்

ஜெஸ்ஸி பட்லர் வெள்ளைக்காரப் பெண். 1937 ஜூலை 6-ஆம் தேதி ஹென்ரியெட்டா தெருவில் 17-ஆம் எண் வீட்டுக்குப் போனார். சூசன் ஹாம்லின் வாசல் கதவுக்கு உட்புறம் ஒரு படியில் உட்கார்ந்திருந்தார். பட்லர் சூசனின் பெயரைச் சொல்லி விசாரிப்பதைக் கேட்டதும், முன்பு தனக்கு உதவி கொடுத்த நிவாரண அலுவலகத்திலிருந்து வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார். இந்த எண்ணத்தைத் தான் திருத்தவில்லை என்றும், அடிமைக் கால அனுபவத்தைக் கேட்கத்தான் வந்தோம் என்று அவருக்குக் கடைசி வரை சந்தேகமே வரவில்லை என்றும் பட்லர் தன் அறிக்கையின் தொடக்கத்திலேயே எழுதியிருக்கிறார். தன் சாமர்த்தியம் என்று நினைத்து எழுதினாரோ என்னவோ, இன்று நமக்கு அந்த அறிக்கையிலேயே மிகவும் பயன்படும் வரி அதுதான்.

நிவாரண அதிகாரி என்று தான் நம்பிய வெள்ளைக்காரப் பெண்ணிடம் சூசன் என்ன சொன்னார்? தன் எஜமானர் ஃபுல்லர் நல்லவர், அவர் மனைவி வீட்டாரும் பெரிய மனிதர்கள், அடிமைகளை நன்றாக வைத்திருந்தார்கள் என்றார். குழந்தைகளைத் தாயிடமிருந்து பிரித்து விற்றது உண்டு, தாய் அலறுவாள் என்றும் சொன்னார். ஆனால் அதை எங்கோ யாரோ செய்ததாகச் சொல்லி, ஃபுல்லர் எங்களில் யாரையும் விற்கவில்லை, அம்மா சாகும் வரை நான் அவளோடுதான் இருந்தேன் என்று முடித்துக்கொண்டார்.

அப்புறம் அகஸ்டஸ் லாட்சன் எடுத்த பேட்டி. அவர் கறுப்பினத்தவர். அவரைச் சூசன் 'மகனே' என்று கூப்பிட்டுப் பேசுகிறார். இதில் பெயர் ஹாமில்டன் என்று பதிவாகியிருக்கிறது. ஆனால் முகவரியும், எஜமானர் ஃபுல்லரும், மற்ற விவரங்களும் ஒத்துப்போவதால், இரண்டும் ஒரே ஆள்தான் என்று வரலாற்றாசிரியர்கள் முடிவு செய்திருக்கிறார்கள்.

லாட்சனிடம் சூசன் சொன்னதில் ஒரு நிகழ்வு: ஓர் இரவு ஒரு ஜோடிக்குக் கல்யாணம் நடக்கிறது. மறுநாள் காலை எஜமானர் மணப்பெண்ணை விற்றுவிடுகிறார். பெண்ணின் தாய் நடுத்தெருவில் நின்று, நேற்றுத்தான் கல்யாணமான என் மகளை விற்றுவிட்டான் என்று வாய்க்கு வந்தபடி திட்டுகிறாள். போலீஸைக் கூப்பிடுவோம் என்று மிரட்டுகிறார்கள். கூப்பிடு, அல்லது அடி, இனியும் இதைப் பொறுப்பதற்குச் சாவதே மேல் என்கிறாள் அவள். அவளை 'வொர்க் ஹவுஸ்' என்ற தண்டனைக்கூடத்துக்குக் கொண்டுபோகிறார்கள். அதன்பின் அவள் என்ன ஆனாள் என்று தான் கேள்விப்படவே இல்லை என்கிறார் சூசன். பெண்களை உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டுச் சாட்டையால் அடித்ததையும், மற்ற அடிமைகளை நிறுத்தி அதைப் பார்க்க வைத்ததையும் சொல்கிறார்.

இதைவிட என்னை அதிகம் நிறுத்தியது ஒரு சின்ன இடம். தன் தாய்க்கு மூன்று ஆண், மூன்று பெண் என்று சொல்லி, உடன்பிறந்தவர்கள் என்னென்ன வேலை செய்தார்கள் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகிறார் சூசன். அந்த வரிசையின் நடுவே, எஜமானரின் மகனான வில்லியம் ஃபுல்லர் கொத்தனார் என்று வருகிறது. விளக்கம் எதுவும் இல்லை. அடுத்ததாகச் சகோதரிகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கிவிடுகிறார். தாயின் பிள்ளைகளைச் சொல்லும் பட்டியலில் எஜமானரின் மகன் ஏன் வருகிறார் என்பதை நாமே புரிந்துகொள்ள வேண்டியதுதான். பட்லரிடம் 'நல்லவர்' என்று சொன்னது இந்த எஜமானரைப் பற்றித்தான்.

## அப்படியானால் எது உண்மை?

லாட்சனிடம் சொன்னது உண்மை, பட்லரிடம் சொன்னது பொய் என்று முடித்துவிடலாம் என்று தோன்றும். அது பாதி சரி. எஜமானர் வீட்டில் நடந்தது என்ன என்பதற்கு லாட்சன் பேட்டிக்கே அதிக எடை கொடுக்கலாம். அங்கே சூசன் தனக்கு ஆதாயம் எதையும் எதிர்பார்க்கவில்லை, பயப்படவும் தேவையில்லை. நகரில் அப்படி ஒரு தண்டனைக்கூடம் இருந்தது என்பது வேறு ஆவணங்களிலும் இருக்கிறது.

ஆனால் பட்லர் பேட்டியைத் தூக்கிப் போடவும் கூடாது. 1937-இல் ஓர் ஏழைக் கறுப்பின மூதாட்டி, தன் உதவித்தொகையைக் கையில் வைத்திருப்பதாகத் தான் நம்பிய ஒருவரிடம் எப்படிப் பேச வேண்டியிருந்தது என்பதற்கு அதைவிட நல்ல ஆதாரம் வேறு கிடையாது. எஜமானரைப் புகழ்ந்தபடியே, குழந்தைகளை விற்றதை 'எங்கோ நடந்தது' போல உள்ளே நுழைத்துவிடுகிறார் பாருங்கள். அடிமைக் காலத்தில் கற்ற தற்காப்பு, எழுபது வருடம் கழித்தும் வேலை செய்கிறது. ஒரு பேட்டி 1850-களுக்குச் சான்று என்றால், இன்னொன்று 1937-க்குச் சான்று.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இரண்டு பேட்டிகளும் தனித்தனியாக, அவரவர் பெயரோடு, முகவரியோடு வைக்கப்பட்டிருந்ததால்தான் இந்த முடிவுக்கே வர முடிகிறது. யாராவது இரண்டையும் கலந்து 'நல்லதும் கெட்டதுமாக ஒரு மூதாட்டியின் நினைவுகள்' என்று அழகாக எழுதியிருந்தால், நமக்குக் கிடைத்திருப்பது உருக்கமான ஒரு கட்டுரை மட்டுமே. அப்படிப்பட்ட சேதம் நடந்ததும் உண்டு. டெக்சஸ் மாநிலத்தில், வாஷிங்டனுக்கு அனுப்பும் முன் வாக்குமூலங்களைத் திருத்தியிருக்கிறார்கள். பல பத்தாண்டுகள் கழித்து மூலப் படிகள் கிடைத்து ஒப்பிட்டபோது, கொடுமைகளைப் பற்றிய பகுதிகள் பல இடங்களில் காணாமல் போயிருந்தது தெரியவந்தது.

## தேதி தவறினால்?

லாட்சனின் பேட்டிக்கு மேலே ஒரு தலைப்பு இருக்கிறது. விடுதலையை அறிவிக்கும் துப்பாக்கி வெடித்தபோது சூசன் மண்டியிட்டுத் தரை தேய்த்துக்கொண்டிருந்தார் என்கிறது அது. அதே தலைப்பில் 1863 என்ற வருடமும் வருகிறது. அடிமைகளை விடுவிக்கும் லிங்கனின் பிரகடனம் வெளியானது 1863 ஜனவரியில்தான். ஆனால் சார்ல்ஸ்டன் 1865 பிப்ரவரி வரை, அடிமைமுறையைக் காக்க நாட்டிலிருந்து பிரிந்துபோன தென் மாநிலங்களின் கூட்டமைப்பு கையில் இருந்தது. அதுவரை பிரகடனத்தால் அங்கே ஓர் அடிமைகூட விடுபட்டிருக்க முடியாது. வருடம் சூசன் சொன்னதா, லாட்சன் போட்டதா என்பதை ஒலிப்பதிவு இல்லாமல் பிரித்தெடுக்க வழி கிடையாது. எழுத்துவழி வந்த வாக்குமூலத்தின் எல்லை அது.

ஒலிப்பதிவு இருந்தால் இதே மாதிரி தவறு எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு இத்தாலி உதாரணம். நடு இத்தாலியில் தெர்னி என்று ஓர் இரும்பாலை நகரம். 1949 மார்ச் 17 அன்று, இத்தாலி நேட்டோவில் சேர்வதை எதிர்த்துத் தொழிலாளர்கள் ஆலையை விட்டு ஊர்வலமாக வந்தபோது போலீஸோடு மோதல். 21 வயதுத் தொழிலாளி லூயிஜி த்ராஸ்துல்லி சுடப்பட்டு இறந்தார். தேதியில் எந்தச் சந்தேகமும் இல்லை, அன்றைய பத்திரிகைகளிலேயே இருக்கிறது.

1970-களில் அலெஸாந்த்ரோ போர்த்தெல்லி என்ற ஆய்வாளர் அந்த ஊர்த் தொழிலாளர்களிடம் பேசியபோது, பலர் அந்தச் சாவை 1953-க்குக் கொண்டுபோயிருந்தார்கள். 1953 அக்டோபரில் ஆலை ஏறத்தாழ 2,000 பேரை வேலையைவிட்டு நீக்கியது. தெருவில் தடுப்பு கட்டி நாள்கணக்கில் போலீஸோடு சண்டை நடந்தது. த்ராஸ்துல்லி அதில்தான் செத்தான் என்று நேரில் இருந்தவர்களே உறுதியாகச் சொன்னார்கள்.

வயதானதால் வந்த மறதி என்றால் ஒருவர் 1947 என்பார், இன்னொருவர் 1951 என்பார். தவறுகள் சிதறிக் கிடக்கும். இங்கே தவறுகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. போர்த்தெல்லி பிடித்துக்கொண்டது அதைத்தான். 1949-இல் தங்கள் தோழன் செத்தபோது தொழிலாளர்களால் பதிலுக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை. அது உள்ளுக்குள் அவமானமாகத் தங்கிவிட்டது. தவிர, நேட்டோவை எதிர்த்த ஊர்வலம் அவர்கள் வாழ்க்கையை மாற்றவில்லை. வேலை போனது மாற்றியது. எதிர்த்து நின்று சண்டை போட்டதும் அப்போதுதான். ஆகவே நினைவு அந்தச் சாவை, அதற்கு அர்த்தமும் பதிலும் கிடைக்கிற இடத்துக்கு நகர்த்தி வைத்துவிட்டது. சாவு எப்போது நடந்தது என்பதற்குப் பத்திரிகை போதும். அந்தச் சாவை ஊர் எப்படிச் சுமந்தது என்பதை இந்தத் தவறு ஒன்றுதான் காட்டுகிறது.

இதிலிருந்து, வாய்மொழியில் வரும் எல்லாத் தவறுக்கும் ஆழமான அர்த்தம் உண்டு என்று ஆகிவிடாது. தவறு என்று தெரிவதற்கே முதலில் ஒரு பத்திரிகையோ பதிவேடோ வேண்டும். அடுத்து, ஒரே தவறு பலரிடம் வர வேண்டும். இரண்டும் இல்லாமல் 'இது நினைவின் உண்மை' என்று எழுதுவது ஆய்வாளரின் கற்பனை.

## எழுத்தாளர் கை வைக்கும்போது

இப்போது அபுனைவு நூல்களுக்கு வருவோம். பெலாரஸ் எழுத்தாளர் ஸ்வெத்லானா அலெக்ஸியேவிச்சுக்கு 2015-இல் நோபல் பரிசு கிடைத்தபோது, இந்த வகை எழுத்து உலகம் முழுக்கக் கவனம் பெற்றது. போர், செர்னோபில் விபத்து, சோவியத் நாட்டின் முடிவு என்று ஒவ்வொன்றையும் அனுபவித்த சாதாரண மக்களின் குரல்களை அவர் நூலாக்கினார். ஆப்கானிஸ்தான் போரைப் பற்றிய அவருடைய நூலுக்காக, அதில் பேசிய சிலரே மின்ஸ்க் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1993-இல் விசாரணை நடந்தது. நாங்கள் சொன்னதைத் திரித்துவிட்டார் என்பது புகார். பேட்டியை அப்படியே படியெடுத்துத் தருவது தன் வேலை இல்லை, இது ஆவணத்திலிருந்து உருவாகும் இலக்கியம் என்பது அவர் தரப்பு.

வழக்குப் போடும்படி புகார் செய்தவர்கள் மீது அரசியல் அழுத்தம் இருந்ததா என்ற கேள்வி தனி. ஆனால் அலெக்ஸியேவிச்சின் நூல்களில் ஒரே நபரின் வாக்குமூலம் பதிப்புக்குப் பதிப்பு மாறியிருப்பதை ஆய்வாளர்கள் ஒப்பிட்டுக் காட்டியிருக்கிறார்கள். என் கருத்து இது: அந்த நூல்கள் ஒரு காலத்தின் வலியைக் கொண்டுவருவதில் ஈடு இணையற்றவை, அவற்றை அப்படியே வாசிக்கலாம். ஆனால் அதிலிருந்து ஒரு வரியை எடுத்து 'இவர் இப்படிச் சொன்னார், ஆகவே இது நடந்தது' என்று சான்றாக நிறுத்தக் கூடாது. ஹாம்லின் பேட்டியில் செய்தது போல யார் கேட்டார், என்ன நிலையில் கேட்டார் என்று பின்னால் போய்ப் பார்க்க அங்கே கதவு இல்லை.

## வாசிக்கும்போது கேட்க வேண்டியவை

1. யார் கேட்டார்கள், கேட்டவரிடம் பேசியவருக்கு என்ன பயம், என்ன எதிர்பார்ப்பு? முன்னுரையில் இது இல்லாவிட்டால், நூலில் உள்ள நிதானமான, யாரையும் குறை சொல்லாத குரல்களைக் கொஞ்சம் நின்று வாசிக்க வேண்டும்.

2. மூலம் எங்கே இருக்கிறது? ஒலிநாடாவோ தட்டச்சுப் படியோ ஏதாவது ஒரு நூலகத்திலோ காப்பகத்திலோ இருக்கிறது என்று நூல் சொன்னால், அதை வாய்மொழி வரலாறாகப் பயன்படுத்தலாம்.

3. எல்லோரும் ஒரே மாதிரி பேசுகிறார்களா? விவசாயி, நர்ஸ், சிப்பாய் என்று எல்லோருடைய வாக்கியமும் ஒரே நீளத்தில், ஒரே மாதிரி முடிந்தால், அங்கே கேட்பது எழுத்தாளரின் குரல். உண்மையான பேச்சில் முக்கியமான விஷயம் பல சமயம் பட்டியலுக்கு நடுவே, சம்பந்தமில்லாத இடத்தில் வந்து விழும், கொத்தனார் வில்லியம் ஃபுல்லர் மாதிரி.

முன்னாள் அடிமைகளின் வாக்குமூலங்கள் முழுவதும் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் இணையதளத்தில், பழைய தட்டச்சுத் தாள்களின் படமாகவே இலவசமாகக் கிடைக்கின்றன. தெற்குக் கரோலைனா தொகுதியின் இரண்டாம் பாகத்தில் ஹாமில்டன், ஹாம்லின் என்ற பெயர்களில் தேடினால் லாட்சனின் பேட்டியும் பட்லரின் பேட்டியும் கிடைக்கும். பேச்சு வழக்கு முதலில் சிரமப்படுத்தும், வாய்விட்டு வாசித்தால் பிடிபட்டுவிடும். பட்லருடையதை முதலில் வாசித்துவிட்டு லாட்சனுடையதற்குப் போவது நல்லது.